பன்னிரண்டரை மணிக்கு பகோடா பாயிண்ட்

"அம்மா, வணக்கம். ஒருநாள் பயணமாக ஏற்காட்டுக்கு வரும் இளைஞன், போட்டு வைத்த திட்டத்தை விட்டுவிட்டு அமைதியான, நல்ல நாள் ஒன்றைக் கண்டடைகிறான் என்று ஒரு சிறுகதை எழுதினேன். மூன்று இதழ்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது. படித்த தோழிகளும் 'பயணக் கட்டுரை மாதிரி இருக்கு' என்கிறார்கள். இணைத்திருக்கிறேன். எங்கே கோட்டை விட்டேன் என்று சொல்லுங்கள்."
– வாசகி, ஆத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்தபோது முதலில் கோடு போட்ட இடம் இது: "எதற்கு இந்த ஓட்டம் என்று அவனுக்குத் தோன்றியது. திட்டத்தை மறந்துவிடுவது என்று முடிவு செய்தான்." கதை நழுவியது இங்கேதான். அவன் மறக்கப்போகும் அந்தத் திட்டத்தை நான் அதுவரை பார்க்கவே இல்லை. 'பரபரப்பான பயணத் திட்டம்' என்று ஒரே தொடரில் தாண்டிவிட்டீர்கள். ஒரு பொருளை வாசகர் கண்ணில் காட்டாமலே தொலைத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

அதனால் முதல் வேலை, அந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப் பையில் வையுங்கள். யார் எழுதியது என்பதையும் முடிவு செய்யுங்கள். உங்கள் கதையில் அவனே போட்ட திட்டம், அவனே விடுகிறான். யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு சேலம் அம்மாப்பேட்டையில் ஓர் அக்கா இருக்கட்டும். சென்னையிலிருந்து இரண்டு வருடம் கழித்து வரும் தம்பிக்காக, தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவள் எழுதித் தருகிறாள். ஒன்பதுக்கு ஏரியில் படகு, பத்துக்கு அண்ணா பூங்கா, பத்தே முக்காலுக்கு கிளியூர் அருவி, பன்னிரண்டரைக்கு பகோடா பாயிண்ட், அங்கேயே சாப்பாடு. இரண்டேகாலுக்கு சேர்வராயன் கோயில், மூன்றரைக்கு ரோஜா தோட்டம், நாலரைக்கு லேடீஸ் சீட், ஐந்தரைக்கு இறக்கம். காருக்கும் அவளே பணம் கட்டிவிட்டாள். தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

பகோடா பாயிண்டுக்கு நேராக மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் அவளும் மாமாவும் அங்கே போனார்கள். அங்கே இருக்கும் கல்லடுக்குக்குப் பக்கத்தில் தம்பி நின்று ஒரு போட்டோ எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மாமா இப்போது இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் எழுத வேண்டாம். இரண்டு கோடு போதும்.

இப்போது அந்தத் தாளை மீறினால் ஒருத்திக்கு வலிக்கும். கதை தொடங்கிவிட்டது.

அடுத்தது பருவம். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் சேலத்துக்காரியான நான் படித்தவுடனே கதையை விட்டு வெளியே வந்த இடம் இது. உங்கள் நாயகன் போகும் நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பெண்கள் சிவப்புப் பழம் பறிக்கிறார்கள், கிளியூர் அருவி பொங்கி விழுகிறது. மூன்றும் உண்மைதான், ஆனால் மூன்றும் ஒரே நாளில் நடக்காது. காப்பி பூப்பது மார்ச், ஏப்ரல் வாக்கில். கோடை மழை ஒன்று இறங்கி எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை மாதிரி மணக்கும், சில நாளில் வாடிவிடும். அந்தச் சமயத்தில் அருவியில் பாறைதான் தெரியும். பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, சில வருடம் பிப்ரவரி வரை. அருவியில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தை ஒட்டிப் போக வேண்டும். நீங்கள் மூன்று தடவை ஏற்காடு போய் வந்ததை ஒரே நாளில் கொட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பயணக் கட்டுரை வாடை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் இருப்பது எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை கட்டுரைக்குப் பொருந்தும். கதைக்கு ஒரு நாள், அந்த நாளுக்கு ஒரு வானிலை போதும்.

டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூவை விட்டுவிடுங்கள், வேறொரு கதைக்கு ஆகும். டிசம்பரில் உங்களுக்குக் கிடைப்பது பனிமூட்டம், பழம், அப்புறம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒரு தூறல். இந்தத் தூறல்தான் கதையைத் திருப்பப் போகிறது.

இனி அந்த 'முடிவு செய்தான்'. உட்கார்ந்து யோசித்துத் திட்டத்தை விடுகிறவனை வாசகர் நம்புவதில்லை. நம் வாழ்க்கையில் ஒரு நாள் திசைமாறுவது அப்படி நடப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு சின்னக் காரணம், அதிலிருந்து இன்னொரு சின்னக் காரணம் என்று வழுக்கிக்கொண்டே போகும். நான் இப்படிப் பின்னிப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குப் படகுத்துறை. வரிசை ரோடு வரை நிற்கிறது. டிரைவர் சொல்கிறார், "சார், இது நகர ஒன்றரை மணி நேரம் ஆகும். கோயிலுக்கு இப்பவே போயிட்டு வந்துட்டா வந்து படகு பாத்துக்கலாம்." நியாயமான யோசனை. அவன் சம்மதிக்கிறான். தாளில் இரண்டேகால் மணிக்கு இருந்தது முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான், இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. சேர்வராயன் கோயில் மேட்டில் ஒரே மூட்டம். ஏற்காட்டிலேயே உயரமான இடங்களில் ஒன்று அது, ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். நின்ற இடத்திலிருந்து பத்தடி தெரியவில்லை. குனிந்து குகைக்குள் போய்க் கும்பிட்டு வெளியே வருகிறான். திரும்பும் வழியில் வானம் கறுக்கிறது. டிரைவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். வண்டி வேகமாகப் போகிறது. ஒரு வளைவில் அவனைக் கேட்காமலே மண்பாதையில் திருப்புகிறார்.

"ஒரே நிமிஷம் சார். அத்தை காப்பி காயப் போட்டிருக்கு. தனியா இருக்கும்."

பார்த்தீர்களா, திட்டத்தை உடைத்தது நாயகனே இல்லை. இன்னொருவருடைய அவசரம் உடைத்தது. டிரைவருக்கும் இதில் பயம் உண்டு. இவன் அக்காவிடம் சொல்லி, அக்கா வண்டி முதலாளிக்குப் போன் போட்டால் வேலைக்கே ஆபத்து. தெரிந்தேதான் திருப்புகிறார். உங்கள் வடிவத்தில் டிரைவர் நாயகனைக் கொண்டுபோய் விட்டதோடு மறைந்துவிடுகிறார். ஆறு மணி நேரம் அந்த மனிதர் எங்கே இருந்தார், சாப்பிட்டாரா என்று எனக்குக் கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி வரும், காப்பி காயப் போட்ட களம்தான் கதையின் நடுவீடு. இங்கே நிதானமாக இருங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால் முன்னால் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொடுத்திருக்கும் இரண்டரைப் பக்கத்தைக் கை கூசாமல் வெட்டலாம். இருபது வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அவன் பதினொன்று வரை எண்ணி விட்டுவிட்டான் என்று ஒரு வரி போதும்.

களத்தில் என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் எழுத முடியும், அதனால் சொல்கிறேன். சின்ன விவசாயிகள் பலர் பழத்தை அப்படியே தோலோடு காயப் போடுவார்கள். மூன்று விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மணிக்கொரு தடவை வாரிப் பலகையால் கிண்டிவிட வேண்டும். நல்ல வெயில் கிடைத்தால் பன்னிரண்டு, பதினைந்து நாளில் காயும். சாயங்காலம் குவித்து மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பனி இறங்கிவிடும். பாதி காய்ந்தது நனைந்தால் பூசணம் பிடிக்கும், நாற்றம் ஏறும். வாங்க வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், விலை இறங்கும். பத்து நாள் பட்ட பாடு பத்து நிமிஷத் தூறலில் போகும். அந்தக் கிழவியின் அவசரம் இது. இதை நீங்கள் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் ஓடுகிற ஓட்டத்தில் தெரிய வேண்டும்.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"காரின் கதவைச் சாத்தக்கூட அவருக்கு நேரமில்லை. களத்தின் நடுவில் ஒரு கிழவி கறுத்த பழங்களை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். நீலத் தார்ப்பாய் காற்றில் புரண்டு வேலியில் மாட்டியிருந்தது. முதல் சொட்டு அவன் கண்ணாடியில் விழுந்தது. 'ஏப்பா, வேடிக்கை பாக்காத. அந்த மூலையப் புடி' என்றாள் அவள், அவன் யார் என்று பார்க்காமலே. அவன் பிடித்தான்."

'பிடித்தான்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனுக்கு உள்ளே என்ன தோன்றியது என்று சொல்லாதீர்கள். தார்ப்பாயின் மூலையை இரண்டு கையால் பிடித்திருப்பவனால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மணி பார்க்க முடியாது. நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதிய விடுதலை உணர்வு அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடும்.

தூறல் அரை மணியில் நின்றுவிடுகிறது. மூன்று பேரும் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்து, "போலாங்களா சார், படகு வரிசை இப்ப கொறஞ்சிருக்கும்" என்கிறார். இங்கேதான் அவன் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறான். ஆனால் தேர்வாக எழுதாதீர்கள். அவன் ஒரு கேள்வி கேட்கட்டும். "இத மறுபடி பரப்பணும் இல்ல?"

உங்களுக்கு அதிகம் சிரமம் தந்த பகுதி இதற்கு அடுத்தது என்று படிக்கும்போதே தெரிந்தது. 'நிசப்தம்' ஐந்து முறை வருகிறது, 'மன அமைதி' நான்கு முறை. அமைதியை அதன் பெயரைச் சொல்லி வரவழைக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற சின்னச் சத்தம் கேட்டால்தான் அமைதி என்று புரியும். வாரிப் பலகை களத்துத் தரையில் உரசும் சத்தம். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியிலிருந்து சொட்டும் தண்ணீர். கிழவியின் ரேடியோ. படகுத்துறையில் இவை எதுவும் கேட்டிருக்காது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்து நன்றாகக் கேளுங்கள். மூன்றையும் வைத்தால் மறுபடி கட்டுரை ஆகிவிடும்.

இன்னொன்று, நேரம். கதையின் முதல் பாதியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் மணி வரட்டும். களத்துக்கு வந்தபின் மணியே வரக்கூடாது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடம் போன். மூவரும் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட உட்காரும்போது அக்கா கூப்பிடுகிறாள். மணி பன்னிரண்டரை. நல்லவேளையாக சிக்னல் கிடைக்கிறது. இந்தக் கதையில் என் கண்ணுக்கு முக்கியமான பேச்சு இதுதான், ஆறு வரிக்கு மேல் போகவிடாதீர்கள்:

"பகோடா வந்துட்டியாடா?"
"இல்லக்கா."
"அருவில லேட்டாயிடுச்சா?"
"அருவிக்கும் போகல. இங்க காப்பி காயப் போட்டுட்டிருக்கேன்."
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சாப்டியா?"

அவள் திட்டியிருந்தாலும் கதை சரிந்திருக்கும், 'நல்லா அனுபவிடா' என்று சொல்லியிருந்தாலும் சரிந்திருக்கும். 'சாப்டியா' என்பதில் அவள் வருத்தமும் இருக்கிறது, அவனை விட்டுக்கொடுக்காத பாசமும் இருக்கிறது. எது அதிகம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவனும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'அருவிலதான் இருக்கேன்' என்று அவன் சொல்லியிருந்தால் அந்த நாள் திருட்டு நாளாகிவிடும்.

கிழவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. உங்கள் கதையில் மலையில் அவன் சந்திக்கும் பெரியவர் "ஓடுறவனுக்கு மலை தெரியாது தம்பி, உக்காந்தவனுக்குத்தான் தெரியும்" என்கிறார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நகரத்திலிருந்து வருகிறவனுக்குத் தத்துவம் சொல்வதற்காக மலையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இடுப்பு வலியோடு, வியாபாரி என்றைக்கு வருவான் என்ற கவலையோடு அவரவர் வேலையில் இருக்கிறார்கள். கிழவிக்கு இவன்மேல் பெரிய அக்கறை வேண்டாம். இவன் கிண்டுகிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "அழுத்தாத, தோலு நசுங்குது. மேலாக்கத் தள்ளு" என்று இரண்டு தடவை சொல்கிறாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவளிடமிருந்து அவனுக்குக் கிடைக்கிற பாராட்டு அதுதான்.

அவள் ஒன்றே ஒன்று கற்றுத் தரட்டும், அதுவும் வேலையோடு வேலையாக. காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து மூடிக் காதருகே குலுக்க வேண்டும். உள்ளே கொட்டை ஓட்டிலிருந்து கழன்றிருந்தால் கலகலவென்று கேட்கும். ஈரம் இருந்தால் மொத்தையாகத்தான் சத்தம் வரும். களத்தின் ஒரு மூலையில் முன்னமே போட்டது காய்ந்து கிடக்கிறது, நடுவில் இருப்பது நான்கு நாள் பழம். அவள் இரண்டையும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து அவன் காதருகே குலுக்குகிறாள். முதலில் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்கிறான். இந்த இடத்துக்கு அரைப் பக்கம் கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நாள் முழுக்க இடங்களைப் பார்க்க வந்தவன், இப்போது ஒரு கைப்பிடிச் சத்தத்துக்காகக் கண்ணை மூடுகிறான். உங்கள் கதை சொல்ல வந்தது முழுக்க இங்கே இருக்கிறது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல்.

டிரைவரையும் இந்த இடத்தில் மறக்காதீர்கள். அவர் திண்ணையில் கால் நீட்டித் தூங்கிப் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு வாடகைக் கார் டிரைவர் தூங்குவது சாதாரணம் இல்லை. அந்த நாள் அவருக்கும் நல்ல நாளாக இருக்கட்டும்.

சாயங்காலம் குவித்து மூடிவிட்டுக் கிளம்புகிறார்கள். லேடீஸ் சீட் வழியாகப் போக நேரம் இருக்கிறதா என்று டிரைவர் கேட்பார். கீழே சேலத்து விளக்குகள் தெரிகிற நேரம், ஆசை வரும். உங்கள் நாயகனுக்கு வருகிறதோ இல்லையோ, உங்களுக்கு வரும், ஏனென்றால் அந்தக் காட்சியை நீங்கள் மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் வேண்டாம். அதைக் காட்டினால் 'கடைசியில் ஓர் இடமாவது பார்த்தானே' என்று வாசகர் நிம்மதி அடைந்துவிடுவார். அவன் எதையும் பார்க்காமலே இறங்கட்டும்.

முடிவுக்கு வருகிறேன். "பயணம் என்பது இடங்கள் அல்ல, தருணங்கள் என்று அவனுக்குப் புரிந்தது" என்ற வரியையும் அதற்குமேல் உள்ள இரண்டு பத்திகளையும் அடித்துவிடுங்கள். அவன் அம்மாப்பேட்டைக்குத் திரும்பி வரட்டும். அக்கா தூக்குவாளியை வாங்கி மூடியைத் திறந்து பார்க்கிறாள், காலி. போட்டோவைக் கேட்கிறாள். இல்லை என்கிறான். காலண்டர் தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறான், மூலையில் ஈரம் பட்டு எழுத்து கலைந்திருக்கிறது. அவள் அடுப்படிக்குத் திரும்பப் போகும்போது, "அக்கா, இங்க வா" என்கிறான். சட்டைப் பையிலிருந்து நாலைந்து காய்ந்த பழங்களை எடுத்து, கையை மூடி, அவள் காதருகே கொண்டுபோய்க் குலுக்குகிறான்.

"என்னடா இது?"

"கேளு."